மாம்பழமா, மேங்கோ ஜூஸா? எடை குறைப்பவர் எதை விட வேண்டும்

சித்திரை பிறந்து பங்கனப்பள்ளி வண்டிகள் தங்கசாலையிலிருந்து டோல்கேட் வரை வரிசை கட்ட ஆரம்பித்ததும் என்னிடம் வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "மாம்பழம் சாப்பிடலாமா மேடம்? சக்கரை ஜாஸ்தியாமே." அதற்கு அடுத்து வாழைப்பழம். "அது சதை போடும்னு சொல்றாங்களே." தண்டையார்பேட்டையில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். எடை குறைக்க வருபவர்களில் பாதிப் பேர் வருவதற்கு முன்பே இந்த இரண்டு பழங்களையும் விட்டிருப்பார்கள். அவர்களிடமே "வெயிலுக்கு என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டால், சாத்துக்குடி ஜூஸ், மேங்கோ ஜூஸ், கட்டாயம் ஒரு ஸ்மூத்தி என்று பட்டியல் வரும். பழத்தைப் பயந்து விட்டவர்கள் அதே பழத்தைப் பயமில்லாமல் குடிக்கிறார்கள்.

எடை குறைக்கும் ஒருவர் முன்னால் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பழத்தையே தொடாமல் இருக்கலாம், அளந்து கடித்துச் சாப்பிடலாம், வீட்டில் மிக்ஸியில் அடித்துக் குடிக்கலாம், கடையில் ஜூஸ் வாங்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாம்பழமும் வாழைப்பழமும் அளவோடு இருக்கட்டும். ஜூஸை விடுங்கள். ஸ்மூத்தியை ஒரு வேளை உணவுக்குப் பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தாகத்துக்கு வேண்டாம். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

பழச் சர்க்கரைப் பயம் எங்கிருந்து வந்தது

இந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான வேர் இருக்கிறது, அதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. பழத்தில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையை உடல் குளுக்கோஸைப் போலக் கையாளுவதில்லை. அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அளவுக்கு மீறிப் போனால் கல்லீரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றுகிறது. கலிஃபோர்னியாவில் நடந்து 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், எடை கூடியவர்களுக்கு 10 வாரம் ஃபிரக்டோஸ் கலந்த பானம் கொடுத்தார்கள். அவர்களுடைய வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கூடியது. இப்படி வந்த செய்திகள்தான் நாளடைவில் வாட்ஸ்அப்பில் "மாம்பழம் கல்லீரலைக் கெடுக்கும்" என்று சுருங்கின.

அந்த ஆய்வில் கொடுத்த அளவைப் பாருங்கள். ஒரு நாள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் கால் பங்கு, ஃபிரக்டோஸ் கலந்த பானத்திலிருந்தே வந்தது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவர் என்றால் அது 125 கிராம் ஃபிரக்டோஸ். மாம்பழச் சதையில் 100 கிராமுக்கு, அதிலுள்ள சுக்ரோஸ் என்ற சர்க்கரையில் பாதியாக அடங்கியிருக்கும் ஃபிரக்டோஸையும் சேர்த்தால், சுமார் 8 கிராம் ஃபிரக்டோஸ்தான் இருக்கிறது. அந்த அளவை மாம்பழத்தில் எட்ட வேண்டுமானால் தினமும் ஒன்றரை கிலோ சதை தின்ன வேண்டும். தோலும் கொட்டையும் சேர்த்தால் இரண்டு கிலோவுக்கு மேல். அதையும் 10 வாரம், ஒரு நாள் விடாமல். வாழைப்பழத்தில் ஃபிரக்டோஸ் இன்னும் குறைவு, 100 கிராமுக்கு 6 கிராம் அளவு.

அதே 125 கிராமைக் குடித்து எட்டுவது எளிது. 600 மில்லி கோலா பாட்டிலில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதில் பாதி ஃபிரக்டோஸ். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் இரண்டு ஜூஸ் என்று போனால் கிட்டத்தட்ட வந்துவிடும். பயம் சரி, ஆனால் அது குறிவைக்க வேண்டியது பாட்டிலையும் டம்ளரையும். தட்டில் இருக்கும் துண்டு மாம்பழத்தை அல்ல.

உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் சர்க்கரை அளவு பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது இந்தக் கோட்டைத்தான் போட்டது. குறைக்கச் சொன்ன பட்டியலில் மேசைச் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் இருக்கின்றன. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டில் பிழிந்த, சர்க்கரையே போடாத சாத்துக்குடிச் சாறு அந்தப் பட்டியலில் உண்டு, அதே சாத்துக்குடியைச் சுளையாக உரித்துச் சாப்பிட்டால் இல்லை. பலருக்கு இது நம்ப முடியாத சங்கதியாக இருக்கிறது.

கடிப்பதும் குடிப்பதும்

ஒரே பழம், ஒரே சர்க்கரை, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் சொன்ன ஒரு சின்ன ஆய்வு 1977-ல் லான்செட் இதழில் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஒரு முறை முழுப் பழம், ஒரு முறை மசித்த கூழ், ஒரு முறை சாறு. மூன்றிலும் மாவுச்சத்து, சர்க்கரை அளவு ஒன்றுதான். சாற்றை அவர்கள் முழு ஆப்பிளைவிட 11 மடங்கு வேகத்தில் முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வு சாற்றில் மிகக் குறைவு, கூழில் கொஞ்சம் அதிகம், முழுப் பழத்தில்தான் அதிகம். சாறு குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறி, பிறகு தொடங்கிய அளவுக்கும் கீழே இறங்கியது. முழுப் பழம் சாப்பிட்டவர்களுக்கு அப்படி இறங்கவில்லை.

வேகம்தான் இதில் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். ஒரு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தின்னப் பத்து நிமிஷம் ஆகும், இரண்டாவதை எடுக்கக் கை தயங்கும். ஜூஸ் கடையில் ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு சாத்துக்குடி போகிறது. அதை நின்றுகொண்டே இரண்டு நிமிஷத்தில் குடித்துவிடுகிறோம். சக்கை அங்கேயே குப்பைக் கூடையில் விழுகிறது. வயிற்றுக்கு "போதும்" என்று சொல்ல நேரமே கிடைப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்திலும் இது தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-ல் செய்த ஒரு ஆய்வில், மதிய உணவுக்கு முன்னால் ஆப்பிள் துண்டுகள் சாப்பிட்டவர்கள், எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்தவர்களைவிட அந்த வேளையில் மொத்தம் 15 சதவீதம் குறைவான கலோரி எடுத்தார்கள். ஆப்பிளின் கலோரியையும் சேர்த்த கணக்கு அது. சாறு அந்த வேலையைச் செய்யவில்லை. பிரித்தெடுத்த நாரைச் சாற்றில் திரும்பக் கலந்து கொடுத்தும் முழுப் பழத்துக்கு ஈடாகவில்லை. ஆகவே "ஜூஸில் கொஞ்சம் சப்ஜா, கொஞ்சம் நார்ப் பொடி போட்டுக்கறேன்" என்பது ஆறுதல் மட்டும்தான்.

கடை டம்ளருக்குள் என்ன இருக்கிறது

வடசென்னை ஜூஸ் கடைகளில் "மேங்கோ ஜூஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஜூஸ் இல்லை, மில்க் ஷேக். ஜாருக்குள் போவதை ஒரு நாள் நின்று கவனித்துப் பாருங்கள். உறைந்த பால் கட்டி, மாம்பழக் கூழ் ஒரு கரண்டி, அஸ்கா நாலைந்து கரண்டி, மேலே ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் இல்லாமல், சர்க்கரையையும் நான்கு டீஸ்பூன் என்று குறைவாக வைத்துக் கணக்குப் போடுகிறேன். 200 மில்லி பால் 120 கலோரி, 150 கிராம் கூழ் 90, சர்க்கரை 80. மொத்தம் 290. ஐஸ்கிரீம் ஒரு ஸ்கூப் விழுந்தால் 400-ஐத் தாண்டும். இதில் பழத்தின் பங்கு 90 கலோரிதான் என்பதைக் கவனியுங்கள். எடை கூடும்போது பழி மட்டும் மாம்பழத்தின் மேல் விழுகிறது.

சாத்துக்குடி ஜூஸ் ஒரு பெரிய டம்ளர் சர்க்கரையோடு சுமார் 180 கலோரி. "அஸ்கா வேணாம்ணா" என்று சொல்லி வாங்கினால் 100. அது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் உரித்த ஒரு சாத்துக்குடி 60 கலோரிக்குள் முடிந்துவிடும், ஒரு மணி நேரம் பசியையும் தள்ளும். பீட்ரூட், கேரட், ஆப்பிள் சேர்த்த ஜூஸுக்கும் இதே கணக்குதான், நிறம் மட்டும்தான் வேறு.

வெயிலில் தாகம் என்றால் மோர், எலுமிச்சை உப்பு ஜூஸ், இளநீர். மோரும் உப்பு எலுமிச்சையும் சில பத்துக் கலோரிக்குள் அடங்கும், இளநீர் ஒன்று 50 முதல் 70 வரை வரும். தாகத்துக்குக் குடிப்பது வேறு, பழம் சாப்பிடுவது வேறு என்று பிரித்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஸ்மூத்தியைப் பற்றி நியாயமாக

ஜூஸையும் ஸ்மூத்தியையும் ஒன்றாகக் கட்டி வைத்து உதைப்பது சரியில்லை. மிக்ஸியில் அடித்தால் நார்ச்சத்து செத்துப்போகும் என்று பலர் சொல்கிறார்கள். நார் துண்டு துண்டாகிறதே தவிர எங்கும் போவதில்லை, சக்கையை வடிகட்டினால்தான் போகும். அடித்த பழம் ரத்தச் சர்க்கரையை முழுப் பழத்தைவிட அதிகமாக ஏற்றுவதில்லை என்று சில ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. எனவே சர்க்கரை வியாதிக் கண்ணோட்டத்தில் ஸ்மூத்தி ஜூஸ் அளவுக்குக் கெட்டதில்லை.

எடை குறைக்கும் கண்ணோட்டத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜாரில் இடம் இருக்கும்வரை நாம் எதையாவது போட்டுக்கொண்டே இருப்போம். வியாசர்பாடியிலிருந்து பாக்ஸிங் பயிற்சிக்குப் போகும் ஒரு பையன், போட்டிக்கு எடைப் பிரிவு இறங்க வேண்டும் என்று அவன் அம்மாவோடு வந்தான். காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். "ஒண்ணுமே சாப்பிட மாட்டான் மேடம், வெறும் பனானா ஸ்மூத்திதான்" என்றார் அம்மா. அந்த வெறும் ஸ்மூத்தியை எழுதச் சொன்னேன். இரண்டு பச்சை வாழைப்பழம், 300 மில்லி பால், ஓட்ஸ் ஒரு கைப்பிடி தாராளமாக, வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு பெரிய ஸ்பூன், தேன் ஒரு ஸ்பூன், பேரீச்சை மூன்று. பழம் 210 கலோரி, பால் 175, ஓட்ஸ் 150, கடலை வெண்ணெய் 190, தேனும் பேரீச்சையும் சேர்ந்து 120. மொத்தம் 850-ஐ நெருங்குகிறது. எடை ஏற்ற வேண்டிய பையனுக்கு அருமையான பானம். இறக்க வேண்டியவனுக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு. அதற்கும் அந்த வீட்டில் எல்லோரும் வாழைப்பழத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்கு நான் மாற்றிக் கொடுத்தது ஒரு வாழைப்பழம், 200 மில்லி பால், கூடவே இரண்டு வேகவைத்த முட்டை. பானம் 225 கலோரி, முட்டை 150. பயிற்சிக்கு முன்னால் வாழைப்பழம் வேண்டும், அது உடனே எரியும் சக்தி. அதை நிறுத்தச் சொல்லியிருந்தால் குத்துச்சண்டை மேடையில் அவனுக்குத்தான் நஷ்டம்.

மாம்பழ ஸ்மூத்தி ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. அதே மாம்பழத்தைத் துண்டு போட்டு, கெட்டித் தயிர் ஒரு கிண்ணத்தில் கலந்து, ஸ்பூனால் சாப்பிடுங்கள். சாமான் ஒன்றுதான், ஆனால் வாயில் மெல்லும் வேலை மிஞ்சும்.

மாம்பழம், வாழைப்பழம்: எவ்வளவு, எப்போது

மாம்பழச் சதை 100 கிராமுக்கு 60 கலோரிதான். வெந்த சாதம் 100 கிராம் 130. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னால் நிறையப் பேர் திகைத்துப்போகிறார்கள். பழத்தில் பெரும்பங்கு தண்ணீர் என்பதுதான் காரணம். 350 கிராம் எடையுள்ள ஒரு பங்கனப்பள்ளியில் தோலும் கொட்டையும் போக 220 கிராம் பக்கம் சதை கிடைக்கும், அதாவது 130 கலோரி. நான் ஒரு நாளைக்கு 150 முதல் 180 கிராம் சதை என்று வரையறை வைக்கிறேன். கொட்டையின் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்கும் கதுப்புகள் இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். கொட்டையைச் சப்புவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதில் இருப்பது கொஞ்சம், ஆனால் சந்தோஷம் பெரிது.

ருமானி சின்னதாக இருக்கும், அதில் ஒன்று முழுசாகச் சாப்பிடலாம். இமாம் பசந்தும் மல்கோவாவும் ஒரு பழமே அரைக் கிலோவுக்கு மேல் போகும், இரண்டு பேர் பங்கு போடும் பழம் அது. வகைக்கு வகை இனிப்பு மாறும் என்றாலும் வீட்டுக் கணக்குக்கு எடைதான் முக்கியம். முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்றை முதல் இரண்டு வாரம் பயன்படுத்துங்கள், பிறகு கண்ணே அளந்துவிடும்.

எங்கே தவறு நடக்கிறது என்றால், நம் வீடுகளில் மாம்பழம் சாப்பாட்டுக்கு மேலே வருகிறது. வஞ்சிரம் குழம்பும் சாதமும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, தயிர் சாதம் போட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு மாம்பழம். மாம்பழத்துக்கு இடம் விட ஒரு கரண்டி சாதம் குறைத்தால் கணக்கு நேராகிவிடும். 180 கிராம் மாம்பழம் 110 கலோரி, ஒரு குழிக்கரண்டி சாதமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டி வாங்கிய வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்கும், "வீணாப் போயிடும்" என்று ராத்திரி டி.வி. முன்னால் மூன்று போய்விடும். பெட்டி வாங்காதீர்கள், கல்மண்டபம் மார்க்கெட்டில் இரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பெட்டி வந்தே விட்டது என்றால் பக்கத்து வீட்டுக்கு நாலு கொடுத்துவிடலாம்.

வாழைப்பழத்தில் வகை முக்கியம், ஏனென்றால் "ஒரு பழம்" என்பது இங்கே ஓர் அளவே இல்லை. ஏலக்கி ஒன்று உரித்தால் 50 கிராம் பக்கம், 50 கலோரி. பச்சைப்பழம் 120 கிராம் வரை, 110 கலோரி. பெரிய செவ்வாழை 150 கலோரியைத் தாண்டும், நேந்திரன் அதற்கும் மேல். ஒருவர் "தினம் ஒரு பழம்தான்" என்று சொல்லி நேந்திரம் சாப்பிட, இன்னொருவர் இரண்டு ஏலக்கி சாப்பிட்டு "ரெண்டு பழம் தின்னுட்டேன்" என்று குற்ற உணர்ச்சியோடு வருவார். புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்த பழத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், இனிப்பு கூடும், ரத்தத்தில் சீக்கிரம் ஏறும். மொத்தக் கலோரி பெரிதாக மாறாது. எடை மட்டும் கவலை என்றால் கனிந்ததும் பரவாயில்லை. சர்க்கரை வியாதி இருந்தால் கொஞ்சம் காய்ப்பதமாக இருக்கும்போது சாப்பிடுவது நல்லது.

பழம் மட்டுமே ராத்திரிச் சாப்பாடு என்று வைப்பவர்களும் உண்டு. ஒரு தட்டு மாம்பழம், ஒரு தட்டு தர்பூசணி, அவ்வளவுதான். புரதம் இல்லாத அந்தச் சாப்பாடு பத்து மணிக்குக் கைவிடும், பத்தரைக்குத் தெருமுனையில் புரோட்டா. பழம் துணைக்குத்தான், கூட முட்டையோ மீனோ பருப்போ தயிரோ இருக்க வேண்டும்.

ஒரு நாளின் கணக்கு

எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் நின்று வேலை செய்யும் ஓர் அக்கா, வயது 42, எடை 76 கிலோ. எடை நிலையாக இருக்க அவருக்கு நாளுக்குச் சுமார் 1850 கலோரி வேண்டும், 1500-க்கு இறக்குவது திட்டம். அவராகவே சாதத்தைக் குறைத்து, ராத்திரி தோசையை மூன்றிலிருந்து இரண்டாக்கி, மாம்பழம் வாழைப்பழம் இரண்டையும் அறவே நிறுத்தியிருந்தார். எழுதிக் காட்டிய சாப்பாடு சரியாக 1500-தான். ஆனால் எடை அசையவே இல்லை. "நான் வாயைக் கட்டினதுக்குப் பலனே இல்லையே மேடம்" என்றபோது அவர் குரல் உடைந்தது.

"அக்கா, கடையில இருக்கும்போது நடுவுல எதுவும் குடிக்கிறது இல்லையா?" என்று கேட்டேன். குடிப்பது உண்டு, அதைச் சாப்பாடாக அவர் எண்ணவில்லை. வாரத்தில் ஆறு நாளும் பதினொன்றரைக்கு சாத்துக்குடி ஜூஸ். வாரத்தில் மூன்று நாள் வீடு திரும்பும் வழியில் மேங்கோ ஜூஸ், "பழம்தானே" என்று.

கணக்குப் போட்டோம். ஜூஸ் 180 கலோரி ஆறு நாள், மில்க் ஷேக் 290 மூன்று நாள். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 280. அவர் சாப்பாட்டில் குறைத்தது 350. மிச்சம் 70. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7700 கலோரி. நாளுக்கு 350 குறைந்தால் ஒரு கிலோ இறங்க 22 நாள், 70 குறைந்தால் 110 நாள். உடல் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்காது, தண்ணீர் ஏறி இறங்கும், மாதவிலக்கு வாரத்தில் ஒரு கிலோ கூடக் காட்டும். 110 நாளில் ஒரு கிலோ என்பது அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்தே போகும். எடை அசையாததற்கு வேறு காரணமே தேடத் தேவையில்லை.

மாற்றியது இவ்வளவுதான். பதினொன்றரைக்கு உரித்த சாத்துக்குடி ஒன்று, வீட்டிலிருந்து டப்பாவில். மதியம் ஒரு கரண்டி சாதம் கழித்து, இரண்டு கதுப்பு மாம்பழம். சாயங்காலம் மில்க் ஷேக் நின்றது. ஐந்து மணிக்கு டீயோடு இரண்டு ஏலக்கிப் பழம். அந்த நேரத்தில் கடைப் பெண்கள் எல்லோருக்கும் வடை வாங்கி வரும் பழக்கம் உண்டு. முன்பு வெறும் வயிற்றோடு இருந்ததால் இரண்டு வடை, 250 கலோரி, சில நாள் கை நீண்டுவிடும். வாழைப்பழம் இரண்டும் சேர்ந்து 100.

விட்ட இரண்டு பழங்களையும் திரும்பச் சேர்த்த பிறகுதான் அவருக்கு எடை இறங்க ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் இரண்டரை கிலோ. நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, மாம்பழ சீசன் முழுக்க அவர் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை. முந்தைய வருஷம் அவர் அந்த நேரத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாராம்.

உங்களுக்கு இது வேலை செய்கிறதா என்று பார்க்க, எடையைத் தினமும் காலையில் குறித்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவை வாரம் ஒரு முறை டேப்பில் எடுங்கள். பழம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் கடும் பசி எடுத்தால் கூடப் புரதம் போதவில்லை என்று அர்த்தம், அடுத்த நாள் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ சேருங்கள். மூன்று வாரச் சராசரி இறங்கவே இல்லை என்றால் முதலில் குடித்ததை எல்லாம் எழுதிப் பாருங்கள், பழத்தை வெட்டும் யோசனை அதற்கப்புறம்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் பழம் முற்றிலும் தடை இல்லை. டென்மார்க்கில் புதிதாக இந்த வியாதி கண்டறியப்பட்ட, எடை கூடிய நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை நாளுக்குக் குறைந்தது இரண்டு பழம் தின்னச் சொன்னார்கள், இன்னொன்றை இரண்டுக்குள் நிறுத்தச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, எடையும் இரண்டிலும் இறங்கியிருந்தது. ஆனால் அங்கே சாப்பிட்டது நம்ம ஊர் மாம்பழம் இல்லை. நம் தட்டில் ஏற்கெனவே சாதமும் அதிகம். அதனால் நான் அவர்களுக்கு 100 கிராமில் தொடங்கச் சொல்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்து, சாதத்தைக் குறைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு குளுக்கோமீட்டரில் பாருங்கள். மாம்பழம் இல்லாத ஒரு நாளில் அதே சாப்பாட்டுக்குப் பின் வரும் எண்ணோடு ஒப்பிட்டால் உங்கள் உடலின் பதில் தெரிந்துவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாதத்தை வெட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு விஷயம் முற்றிலும் வேறு. வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் பொட்டாசியம் இருக்கிறது, இளநீரிலும் அதிகம். அவர்கள் இந்தக் கட்டுரையின் அளவுகளை எடுக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாம்பழம் தின்றால் வயிறு உப்பி, வாயு பிடித்து, பேதியாகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சூடு என்று விட்டுவிட வேண்டாம். சிலருடைய குடல் ஃபிரக்டோஸை முழுசாக உறிஞ்சாது, மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் கூடுதல் என்பதால் அங்கேதான் தொல்லை முதலில் தெரியும். அவர்களுக்கு ஒரு கதுப்பு ஒத்துக்கொள்ளும், இரண்டு ஒத்துக்கொள்ளாது. ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏலக்கிக்கு மாறலாம், அதில் அந்த இரண்டு சர்க்கரையும் ஏறக்குறைய சமம்.

ஆடி கடந்து நீலமும் ஓய்ந்த பிறகு வண்டிகளில் கொய்யா வரும். 100 கிராமுக்கு 5 கிராம் நார்ச்சத்து, கலோரி 70-க்குள். மாம்பழத்துக்கு ஒதுக்கிய அந்த இடத்தில், மதியச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய கொய்யாவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மிளகாய்த்தூளும் உப்பும் தடவித்தான் வேண்டும் என்றால் தடவிக்கொள்ளுங்கள், ரத்தக்கொதிப்பு இருந்தால் உப்பு மட்டும் வேண்டாம்.